அம்மிணிக்குக் கொடுத்த பெட்டி

ஞானபாய்க்கு விடியும்போதே வலது மணிக்கட்டு வீங்கியிருந்தது. பானையிலிருந்து தண்ணீர் கோர முடியவில்லை. இடது கையால் கோரிக் குடித்துவிட்டு, பழைய துணியைக் கிழித்து மணிக்கட்டில் சுற்றிப் பல்லால் முடிச்சை இறுக்கினாள். சுத்தியல் பிடிக்கிற கை அப்படித்தான். வெயில் ஏறி உடம்பு சூடாகும்வரை வலிக்கும். அப்புறம் மரத்துப்போகும். படுத்த பிறகு மறுபடி வலிக்கும். குவாரியில் இருக்கும் எல்லாப் பெண்களுக்கும் இதே கைதான். ஒருத்திக்கு வலது, இடதுகைக்காரிக்கு இடது, அவ்வளவுதான் வித்தியாசம்.

பெருங்கடவிளைக்கு மேற்கே அந்தப் பாறை. ஆண்கள் மேலே நின்று வெடி வைக்கக் குழி அடிப்பார்கள். அதற்குத் தமர் அடிப்பது என்று பேர். வெடித்து விழுந்த கல்லைப் பெண்கள் கீழே உட்கார்ந்து ரோட்டுச் சல்லியாக உடைப்பார்கள். அடிப்பாகம் இல்லாத மரப்பெட்டி ஒன்று உண்டு. அது தலைதட்ட நிறைந்தால் ஒரு நாள் கூலி. முக்கால் பெட்டிக்குக் கூலி கிடையாது. மேஸ்திரி கிருஷ்ணன்குட்டி அதில் ரொம்பக் கண்டிப்பு.

அன்று அவள் போய்ச் சேர்ந்தபோது குவாரியே பேசிக்கொண்டிருந்தது. அம்மிணியின் மகள் சுகுமாரி பி.ஏ. பாஸாகிவிட்டாள். பேப்பரில் நம்பர் வந்திருக்கிறது. அம்மிணியின் புருஷன் பொன்னப்பன் உதியன்குளங்கரை சாயாக்கடையில் மூன்று பேரை வாசிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறான். வெடிச் சத்தத்தில் அவனுக்குக் காது பாதி போய்விட்டது. ஒருத்தர் சொன்னால் போதாது.

அம்மிணி எப்போதும் உட்காரும் இடத்தில் உட்கார்ந்து உடைத்துக்கொண்டிருந்தாள். ஞானபாய் இருந்த இடத்திலிருந்து நாலு எட்டு தூரம். இரண்டு பேரும் தாவணி வயசிலிருந்து இப்படித்தான் உட்காருகிறார்கள்.

விலாசினி முதலில் போனாள். அவளுக்கு வாய் நல்லது, மனசும் நல்லது, எது முந்தும் என்று சொல்ல முடியாது.

"ஏட்டி அம்மிணி, உனக்க கஷ்டமெல்லாம் தீந்துதில்லா. இனி இந்தச் சவத்துக் கல்ல உடைக்காண்டாம். பிள்ளைக்கி உத்தியோகம் கிட்டும், நீ நிழல்ல இருந்து தின்னலாம்."

"ம்" என்றாள் அம்மிணி.

கிருஷ்ணன்குட்டி வந்தான். "உனக்கு யோகம் உண்டும்மா. சிலபேருக்கு அப்படியாக்கும், தலையில எழுதியிருக்கும். மிட்டாயி எங்க?"

தண்ணீர் கொண்டுவருகிற கிழவன் கேட்டான்: "சம்பந்தம் ஏதாவது பாக்கியளா? பி.ஏ. படிச்ச பெண்ணுக்கு எம்.ஏ. படிச்சவன் வேணும். நம்ம ஆளுகளிலே எங்க கிடைப்பான்?"

எல்லாவற்றுக்கும் அம்மிணி "ம்" என்றாள். ஒவ்வொரு "ம்"முக்கும் சுத்தியல் கொஞ்சம் பலமாக விழுந்தது. சில்லு தெறித்து விலாசினியின் காலில் பட்டது. "பாத்து அடி, சனியனே" என்று சொல்லிக்கொண்டே விலாசினி சிரித்தாள். சந்தோஷத்தில் கை நிலைகொள்ளவில்லை என்று நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது.

ஞானபாய் அன்று முழுக்க ஒன்றும் சொல்லவில்லை. கல்யாணத்துக்கு என்ன சொல்வது, என்ன கொண்டுபோவது என்று தெரியும். பிள்ளைப்பேற்றுக்குத் தெரியும். சாவுக்குத் தெரியும். பி.ஏ.க்கு என்ன செய்வது? அந்தப் பக்கத்தில் கல்லுடைக்கும் வீட்டில் அதற்கு முன் எவளும் பி.ஏ. படித்ததில்லை. அதனால் முறை என்று ஒன்று உண்டாகவில்லை. ஆனால் விலாசினி சொன்னது முறை இல்லை என்று மட்டும் அவளுக்குத் தெரிந்தது. அம்மிணியின் கழுத்து நரம்பு புடைத்திருந்ததை அவள் பார்த்தாள்.

திரும்பி நடக்கையில் கேட்டாள். "உனக்கு என்னட்டீ? பிள்ளை பாஸாயிருக்கு, நீ எழவு வீட்டுக்காரி மாதிரி இருக்கே."

அம்மிணி நடையை நிறுத்தாமல் சொன்னாள்: "காலையில இருந்து கேக்கேன். ஒருத்தி நான் எப்ப இங்க இருந்து போவேன்னு கேக்கா. ஒருத்தன் யோகம்னு சொல்லுதான். யோகமாட்டீ ஹாஸ்டலுக்குப் பணம் கட்டிச்சு? நான் இவ்வளவு காலம் இங்க என்ன, தண்டனையா கிடந்தேன்? கழுவிக் களையக்கூடிய அழுக்கு மாதிரியில்லா பறயுதாங்க."

"அவளுக வாயி தெரிஞ்சதுதானே."

"நீயும் ஒண்ணும் சொல்லல்ல."

ஞானபாய் மணிக்கட்டுத் துணியைத் தடவிக்கொண்டே நடந்தாள்.

இரண்டு நாள் கழித்து, ஒரு சருவப் பானை நிறைய அவித்த மரச்சீனிக் கிழங்கோடு அவள் அம்மிணி வீட்டுக்குப் போனபோது அங்கே கைலாசம் பிள்ளை உட்கார்ந்திருந்தார். வீட்டில் இருந்த ஒரே ஸ்டூலில் அவர். பொன்னப்பன் கதவோரம் நின்றான். சுகுமாரி திருவனந்தபுரத்திலிருந்து அன்றைக்குத்தான் வந்திருந்தாள். பஸ்ஸில் வந்த களைப்பில் முகம் வீங்கியிருந்தது.

கைலாசம் பிள்ளை பழைய சர்க்கார் குமஸ்தா குடும்பம். நிலமும் வாசகசாலையும் அவருடையது. தமிழ்த் தாலுகாக்களைச் சென்னை ராஜ்யத்தோடு சேர்க்க வேண்டும் என்ற இயக்கத்தில் இறங்கி ஒரு மாதம் ஜெயிலிலும் இருந்துவிட்டு வந்தவர். விளவங்கோட்டில் போலீஸ் துப்பாக்கியால் சுட்டு ஆட்கள் செத்த வருஷம் அது. அதன் பிறகு இந்தப் பக்கமும் அஞ்சு பேர் சேர்ந்து நிற்கக் கூடாது என்று தடை. கூட்டம் கிடையாது, ஊர்வலம் கிடையாது.

"வாசகசாலைக்குள்ள ஒரு பாராட்டு. அதுக்கு மட்டும் அனுமதி வாங்கியாச்சு" என்றார் அவர். "சனிக்கிழமை சாயங்காலம். நம்ம தாலுகாவுல கூலிக்காரன் மகள் பி.ஏ. அதும் தமிழச்சி. நெய்யாற்றின்கரையில தமிழனே இல்லேன்னு சொல்லுதவனுக்கு இதவிட என்ன பதில் வேணும்?"

"நேத்து பள்ளிக்கூடத்து மலையாளம் சாரும் வந்தாரு" என்றான் பொன்னப்பன். "அவருக்க சமாஜத்துல மாலை போடணுமாம். மலையாளிப் பெண்ணாம்."

"நீ என்ன சொன்னே?"

"எனக்குக் காது கேக்காதுன்னு சொன்னேன்." பொன்னப்பன் மெதுவாகச் சிரித்தான். "ஒண்ணு மட்டும் எனக்குப் புரியல்ல அய்யா. போன தடவ இவ இங்கிலீஷ்ல தோத்தாளே, அப்பம் இவ தமிழுமில்ல மலையாளமுமில்ல. ஒருத்தரும் இந்தப் பக்கம் வரல்ல."

சுகுமாரி தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பை அடக்கினாள். கைலாசம் பிள்ளைக்கும் லேசாகச் சிரிப்பு வந்தது. அவர் கெட்டவர் இல்லை. அவள் பள்ளியில் படிக்கையில் வாசகசாலைப் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப்போக விட்டவர் அவர்தான். வேறு எவனும் விட்டிருக்க மாட்டான்.

"அதத்தான் சொல்ல வந்தேன்" என்றார். "தோத்த கதை வேண்டாம். குவாரிக் கதையும் வேண்டாம். ஏழைக் குடும்பம்னு பொதுவாச் சொல்லிருவோம். பெண்ணுக்கு நாளைக்கு ஒரு நல்ல இடம் வரும்போது குறைச்சலாத் தெரியக் கூடாது பாரு. அம்மிணி, எனக்க வீட்டுல இருந்து ஒரு புடவை கொடுத்து விடுதேன். உடுத்திக்கிட்டு முன்னால இரி. கைய மட்டும் முந்தானைக்குள்ள வெச்சுக்க. பேப்பர்காரன் படம் எடுக்க வருவான்."

அம்மிணி அவளுடைய கையைப் பார்த்தாள். இடது பெருவிரல் நகம் பாதிதான் இருந்தது. மற்ற விரல்களில் அடி படாமலிருக்கச் சைக்கிள் டியூப் வளையம் போட்டுப் போட்டுக் கறுத்த தடம்.

"எனக்கு சனிக்கிழமை வேலை உண்டு" என்றாள். "நான் வரல்ல. அவளுக்க அப்பன் வருவான்."

"ஒரு நாள் கூலி போனாப் போட்டும், பிள்ளைக்க பெருமையில்லா" என்றார் அவர். அம்மிணி அடுக்களைக்குள் போய்விட்டாள். சுகுமாரி அம்மையின் பின்னாலேயே போய், "நீ வரல்லேன்னா நானும் போவல்ல" என்று சொல்வது வெளியே கேட்டது. "நீ போவணும். உனக்குப் புத்தகம் தந்தவரு" என்ற அம்மிணியின் குரலும் கேட்டது.

ஞானபாய் சருவத்தை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பினாள். வழி முழுக்க அவளுக்குக் கோபம். கைலாசம் பிள்ளை மேல் அல்ல. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். தன் மேல்தான் கோபம். இத்தனை காலம் பக்கத்தில் உட்கார்ந்தவளுக்குச் சொல்ல ஒரு வார்த்தை வரவில்லையே.

குவாரியில் ஒரு வழக்கம் உண்டு. ஒருத்தி பிள்ளை பெற்றால், வீட்டில் சாவு விழுந்தால், காய்ச்சலில் கிடந்தால், மற்றவர்கள் தங்கள் குவியலில் இருந்து கூடைகூடையாகக் கொண்டுபோய் அவள் பெட்டியை நிறைப்பார்கள். அதற்குப் பெட்டி கொடுப்பது என்று பேர். நன்றி சொல்வது கிடையாது. வாங்கினவள், கொடுத்தவளுக்கு ஒரு தேவை வரும்போது உடைத்துக் கொடுக்க வேண்டும். மேஸ்திரிக்கு யார் உடைத்தார்கள் என்பது பற்றிக் கவலை இல்லை. பெட்டி நிறைந்தால் சரி.

"அம்மிணிக்கு ஒரு பெட்டி கொடுக்கணும்" என்றாள் ஞானபாய், வியாழக்கிழமை கஞ்சி குடிக்கும் நேரத்தில். அம்மிணி தள்ளிப்போய் வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தாள்.

"அவளுக்கு என்ன தீனம்?" என்றாள் விலாசினி.

"தீனமில்ல. பிள்ளை பாஸானதுக்கு."

"பாஸானதுக்குப் பெட்டியா? அது சாவுக்கும் பேறுக்கும் உள்ளதாக்கும். நாளைக்கு எனக்க மகன் நாலாம் கிளாஸ் ஜெயிச்சா எனக்கும் தருவியா?"

"அவன் ஜெயிக்கட்டும், பாப்போம்."

சிரித்தார்கள். விலாசினியும் சிரித்தாள். அவள் மகன் மூன்றாம் கிளாஸில் இரண்டு வருஷமாகக் குடியிருந்தான். கடைசியில் ஞானபாயோடு சேர்த்து எட்டுப் பேர் ஆனார்கள். வெள்ளிக்கிழமை விடியும் முன் வந்து உடைத்து நிறைத்துவிடுவது. அவள் வந்ததும் வீட்டுக்கு அனுப்பிவிடுவது. மகளோடு ஒரு நாள் இருக்கட்டும்.

அங்கேதான் தப்புப் பண்ணினார்கள்.

வெள்ளிக்கிழமை அம்மிணி வந்தபோது அவள் இடத்தில் பெட்டி தலைதட்ட நிறைந்து நின்றது. எட்டுப் பேரும் முகத்தில் சிரிப்போடு சுற்றி நின்றார்கள். அம்மிணி பெட்டியைப் பார்த்தாள். அவர்களைப் பார்த்தாள். கையில் இருந்த கஞ்சிப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"எனக்க வீட்டுல ஆரு செத்தா?"

எட்டுப் பேரின் சிரிப்பும் வடிந்தது.

"ஆரு செத்தா, சொல்லுங்கட்டீ. இல்ல நான் பெத்துக் கிடக்கேனா? எனக்குக் கை ஒடிஞ்சு போச்சா?"

"வீட்டுக்குப் போய் பிள்ளையோட..." என்று விலாசினி தொடங்கினாள்.

"போ, போ, போ. எல்லாருக்கும் நான் போவணும். பிள்ளை பாஸான அன்னிலேருந்து எனக்க இடத்த அளந்துக்கிட்டு நிக்கிதிய." பெட்டியின் ஒரு ஓரத்தைப் பிடித்துத் தூக்கினாள். அடிப்பாகம் இல்லாத பெட்டி, சல்லி சரிந்து பரவியது. காலி மரச்சட்டத்தைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்துவிட்டு, சாக்கை விரித்து உட்கார்ந்து, புதிய கல் ஒன்றை இழுத்துப் போட்டு உடைக்க ஆரம்பித்தாள்.

விலாசினிக்குக் கண் கலங்கிவிட்டது. "நல்லது செய்ய வந்தா இப்படியா? பி.ஏ. பெத்த திமிரு" என்று முணுமுணுத்தபடி தன் இடத்துக்குப் போனாள். மற்றவர்களும் கலைந்தார்கள். மேலே தமர் அடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

ஞானபாய் போகவில்லை. அம்மிணிக்கு எதிரே கல்லின் மேல் உட்கார்ந்தாள்.

"அந்தப் பெட்டி சும்மா தரல்ல" என்றாள்.

அம்மிணி உடைத்துக்கொண்டிருந்தாள்.

"கடனாக்கும். நீ திருப்பி உடைக்கணும். எனக்கு, விலாசினிக்கு, எல்லாருக்கும். போவதுக்கு உள்ளவளுக்கு எவளாவது கடன் குடுப்பாளா? போனா ஆருகிட்ட போய் வாங்குவோம்?"

சுத்தியல் நின்றது.

"இவ்வளவு நேரம் ஆரும் அப்படிச் சொல்லல்ல."

"இவ்வளவு நேரம் எனக்கும் தெரியாது. இப்பம் உனக்க மூஞ்சியப் பாத்தப்புறம் தெரியுது." ஞானபாய் மணிக்கட்டுத் துணியை அவிழ்த்து மறுபடி சுற்றினாள். "நாளைக்கு அந்தப் பெட்டிய எடுத்துக்க. போய் முன்னால இரி. கைய வெளிய வெச்சுக்கிட்டு இரி. திங்களாழ்ச்ச இங்க வந்து எனக்கு உடை."

அம்மிணி சிதறிக் கிடந்த சல்லியைக் கையால் ஒதுக்கினாள். பிறகு, "அங்க ஒருத்தரையும் எனக்குத் தெரியாதுட்டீ" என்றாள். குரல் இறங்கியிருந்தது. "மொத்தமும் வேட்டியும் ஜிப்பாவுமா இருப்பாங்க. எனக்கு வாழ்த்துச் சொல்லணும்னா அங்க வந்து சொல்லு. பாறைக்கிடையில நின்னு சொல்லாண்டாம்."

விலாசினி அந்தப் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். "அப்பம் நானும் வாறேன்" என்றாள். "எனக்கும் அவளுகிட்ட ரெண்டு வார்த்த உண்டு. கல்ல கொட்டினதுக்கும் சேத்து."

சனிக்கிழமை மத்தியானம் எட்டுப் பேரும் எழுந்தபோது கிருஷ்ணன்குட்டி குறுக்கே நின்றான். "அரைப்பெட்டியும் முக்கால்பெட்டியும் அளக்க மாட்டேன். இப்பம் போனா ஒரு நாள் போச்சு, சொல்லியாச்சு."

"அளக்காண்டாம்" என்றாள் ஞானபாய். "திங்களாழ்ச்ச வந்து பெருசா ஒரு கும்பிடு போடுதோம், அத அளந்துக்கும்."

அம்மிணியின் பெட்டியை மட்டும் முதலில் நிறைத்திருந்தார்கள். அதை அவன் அளந்துதான் ஆக வேண்டியிருந்தது. தங்கள் அரைகுறைக் குவியலை ஓலையால் மூடிவிட்டு நடந்தார்கள். குளிக்க நேரம் இல்லை. உடம்பில் வெள்ளைத் தூசி. சுத்தியலைக் குவாரியில் போட்டுவிட்டு வந்தால் காணாமல் போகும், அதனால் சுத்தியலும் கையில்.

உதியன்குளங்கரை வளைவில் போலீஸ் ஏட்டு ஒருவர் சாயாக்கடைப் பெஞ்சில் இருந்தார். பெண்கள் சுத்தியலோடு வருவதைப் பார்த்துக் கிளாஸைக் கீழே வைத்தார்.

"எவிடெ போகுன்னு எல்லாரும்கூடி? தடை உண்டெந்நு அறிஞ்ஞூடே?" எல்லாரும் சேர்ந்து எங்கே, தடை இருப்பது தெரியாதா என்று மலையாளத்தில் கேட்டார்.

"ஏமானே, தடை அஞ்சு பேருக்கில்லா" என்றாள் ஞானபாய். "நாங்க நாலு பேரு. பின்னால வாறது வேற நாலு. அவளுகள எங்களுக்குத் தெரியாது."

பின்னால் வந்த விலாசினி மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு, "எங்களுக்கும் இவளத் தெரியாது. வாயாடியாட்டுத் தெரியுது" என்றாள்.

சாயாக்கடைக்காரன் சிரித்துவிட்டான். ஏட்டு சிரிக்கவில்லை. "சுத்தியல் எந்தினு?"

"ஏமான் தொப்பி எதுக்கு வெச்சிருக்கு? அதுக்குத்தான்."

அவர் ரெண்டு கூட்டத்துக்கும் நடுவில் நின்று, இடைவெளி விட்டுப் போகச் சொன்னார். கூடவே வந்தார். வாசகசாலை வாசலில் வந்ததும் கையை நீட்டித் தடுத்தார். உள்ளே போக அனுமதி உள்ளவர்கள் பேர் ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது. அதில் கல்லுடைக்கிறவர்கள் இல்லை. ரோட்டோரத்தில் நாலு பேர் இந்தப் பக்கம், நாலு பேர் அந்தப் பக்கம் நின்றார்கள்.

ஜன்னல் வழியாக உள்ளே தெரிந்தது. மேசை, விரிப்பு, பூ. சுகுமாரி நாற்காலியில் இருந்தாள். கைலாசம் பிள்ளை பேசிக்கொண்டிருந்தார். நன்றாகப் பேசினார். தமிழின் தொன்மை, தாலுகாக்களின் உரிமை, பெண் கல்வி. ஏழைக் குடும்பத்தில் உதித்த மாணிக்கம் என்றார். கை தட்டினார்கள். பொன்னப்பன் முன் வரிசையில் எதற்குத் தட்டுகிறார்கள் என்று பக்கத்தில் பார்த்துப் பார்த்துத் தட்டினான். அம்மிணி அவள் சொந்தச் சேலையில் இருந்தாள். கை இரண்டும் மடியில், வெளியே. பேப்பர்காரன் படத்தை எடுக்கும்போது கைலாசம் பிள்ளை ஒருமுறை அவளைப் பார்த்தார். அவள் கையை எடுக்கவில்லை.

மாலை போட்டார்கள். சுகுமாரியைப் பேசச் சொன்னார்கள். அவள் எழுந்து, "நான் முதல் தடவை இங்கிலீஷில் தோற்றேன்" என்றுதான் ஆரம்பித்தாள். கைலாசம் பிள்ளையின் முகம் சுருங்கியது. "புத்தகம் தந்தது பிள்ளைவாள். மறுபடி எழுத வைத்தது அம்மையும் அப்பனும். நன்றி" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாள். அதற்குமேல் அவளுக்குப் பேச வரவில்லை.

அந்த நேரத்தில் அம்மிணி ஜன்னலுக்கு வெளியே பார்த்துவிட்டாள். எழுந்தாள். பக்கத்தில் யாரோ "இரிம்மா, இன்னும் உண்டு" என்றார்கள். அவள் வேட்டிகளுக்கு நடுவில் வழி உண்டாக்கிக்கொண்டு வெளியே வந்து, ரோட்டைத் தாண்டி, ஞானபாய் நின்ற இடத்துக்கு வந்து நின்றாள்.

"சொல்லு" என்றாள்.

ஏட்டு விரலை நீட்டினார். "இப்போ அஞ்சாயி. மாறி நில்லு."

அம்மிணி நகரவில்லை. ஞானபாயும் அவரைப் பார்க்கவில்லை.

"பிள்ளை பாஸாயிருக்கு, சந்தோஷம்" என்றாள் ஞானபாய். "ஆனா நான் வந்தது உனக்குச் சொல்லதுக்காக்கும். அவ தோத்த மறுநாளு நீ வேலைக்கு வந்தே. பிந்தி வந்ததுனால நிழல் கிடைக்கல்ல, வெயில்ல இருந்து உடைச்சே. கிருஷ்ணன்குட்டி வந்து, போதும், பெண்ணக் கெட்டிக் குடுத்துருன்னு சொன்னான். நானும் மனசுல அதத்தான் நினைச்சேன். நீ கல்லுல இருந்து கண்ண எடுக்காம, இன்னும் ஒருக்கா எழுதட்டும்னு சொன்னே. அவ்வளவுதான் சொன்னே. பின்ன ஆறு மாசம் தினமும் ஒரு பெட்டிக்கு மேல உடைச்சே. நான் பக்கத்துல இருந்து பாத்தேன். எனக்க மகளா இருந்தா நான் நிறுத்தியிருப்பேன். நீ நிறுத்தல்ல. நல்லாச் செஞ்சே அம்மிணி."

அம்மிணி வாயைத் திறந்து மூச்சு விட்டாள். பிறகு தலையை ஆட்டினாள், அளவு சரி என்பதுபோல.

"மாறி நில்லெடி" என்றார் ஏட்டு.

"நில்லும் ஏமானே, தீரல்ல" என்றாள் ஞானபாய். பொன்னப்பன் பின்னாலேயே வந்து நின்றிருந்தான். அவள் குரலை உயர்த்தினாள், அவனுக்குக் கேட்க வேண்டும். "பொன்னப்பண்ணா, இவ இருட்டுற வரைக்கும் உடைக்கட்டும்னு அடுக்களையில கேறி கஞ்சி வெச்சீரே. கள்ளுக்கடையில பொட்டப்பயன்னு கூப்பிட்டானுவ. நீரு காது கேக்காதவரு மாதிரி நடந்தீரு. கேட்டுதுன்னு எனக்குத் தெரியும். அதுக்கும் சேத்தாக்கும்."

"கேட்டுது" என்றான் பொன்னப்பன். சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை.

அம்மிணி அடுத்த கூட்டத்துக்குப் போனாள். விலாசினி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் நிழல்ல இருந்து தின்னச் சொன்னது தப்புதான். நீ வெயில்லயே கிட" என்றாள். "ஆனா உனக்க பிள்ளை படிச்ச மாதிரி எனக்க பய படிக்க நான் என்ன செய்யணும்னு வந்து சொல்லித் தரணும். அவனுக்கு இல்ல, எனக்கு." அம்மிணி அப்போதுதான் சிரித்தாள். அந்த வாரத்தில் முதல் தடவை.

அங்கேயும் அஞ்சு ஆகிவிட்டது. ஏட்டுக்குப் பொறுமை போய்விட்டது. வாசலில் வேட்டிக்காரர்கள் எட்டிப்பார்க்கிறார்கள், ரோட்டில் ஆள் நிற்கிறது, இனி விட்டால் அவர் வேலை போகும். "நடக்கு ஸ்டேஷனிலேக்கு" என்றார்.

கைலாசம் பிள்ளை வேகமாக வந்தார். "ஏட்டே, இவங்க நம்ம ஆளுகள். தெரியாமச் செஞ்சிட்டாங்க. நான் எழுதித் தாறேன்."

"தெரிஞ்சுதான் செஞ்சோம் அய்யா" என்றாள் ஞானபாய். "உங்க கூட்டத்துக்கும் இல்ல. அவளப் பாக்க வந்தோம். அஞ்சுன்னா அஞ்சு. அவரு எழுதட்டும்."

கைலாசம் பிள்ளை ஜெயிலுக்குப் போனவர். இந்த மாதிரிப் பேச்சு அவருக்குப் புரியாத பேச்சு இல்லை. "என்னால உள்ளே உனக்க கதையச் சொல்ல முடியல்ல" என்று மட்டும் சொன்னார். அவர் சொன்னது அம்மிணியிடம்.

சுகுமாரி கழுத்து மாலையைக் கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டு ரோட்டுக்கு இறங்கினாள்.

"கொச்சே, நீ எவிடெ?" என்று அந்தப் பெண்ணைத் தடுத்தார் ஏட்டு.

"நீங்க அஞ்சுன்னு எண்ணினீங்க. நான் ஆறு."

பாறசாலை ஸ்டேஷன் வரைக்கும் நடந்தார்கள். ஒன்பது கல்லுடைக்காரிகள், காது கேட்காத ஒருத்தன், பி.ஏ. ஒருத்தி. ரோட்டில் போட்டிருந்த சல்லி அவர்கள் உடைத்ததுதான். வெறுங்காலுக்கு அது யார் உடைத்தது என்று தெரியாது, குத்தத்தான் செய்தது. ஸ்டேஷன் வராந்தாவில் இருட்டும்வரை உட்கார வைத்தார்கள். இன்ஸ்பெக்டர் வந்து, பெண்கள் சுத்தியலோடு கூடினதாகக் கேஸ் எழுதலாமா என்று யோசித்தார். எதற்குக் கூடினார்கள் என்று கேட்டார். ஒரு பெண் பி.ஏ. பாஸானதற்கு அவள் அம்மையிடம் சந்தோஷம் சொல்ல என்று ஏட்டு மலையாளத்தில் சொன்னார். சொல்லும்போதே அவருக்கு வெட்கமாக இருந்தது. இன்ஸ்பெக்டர் பேர்களை மட்டும் வாங்கிக்கொண்டு, சுத்தியலைத் தரமாட்டேன் என்றார். சுத்தியல் இல்லாமல் போகமாட்டோம் என்று விலாசினி தரையில் மறுபடி உட்கார்ந்தாள். அரை நாழிகை கழித்துச் சுத்தியலும் வந்தது.

திங்கட்கிழமை கிருஷ்ணன்குட்டி சொன்னபடியே செய்தான். எட்டுப் பேரின் சனிக்கிழமைக் குவியலையும் புதிய கணக்கில் சேர்க்க முடியாது என்று லாரியில் அள்ளிப் போட்டுக்கொண்டான். எட்டுப் பெட்டி போயிற்று. அம்மிணி தன் இடத்தில் வந்து உட்கார்ந்தாள். எவளும் அவளிடம் போ என்று சொல்லவில்லை. அவள் தன் பெட்டியை நிறைத்த பிறகு, வெளிச்சம் உள்ளவரை மற்றவர்களுக்கு உடைத்தாள். விலாசினிக்கு முதலில். பிறகு ஒருத்தி ஒருத்தியாக.

ஞானபாய் தவிர ஏழு பேருக்கும் கொடுத்து முடித்த வாரம் வடக்கே ரோட்டு வேலை நின்றது. கலவரத்தால் காண்ட்ராக்ட் நின்றுபோயிற்று என்றார்கள். குவாரியைப் பூட்டினார்கள். ஞானபாய் பூவார்ப் பக்கம் தேங்காய்த் தொண்டு அடித்து நார் எடுக்கப் போனாள். அம்மிணி நெய்யாற்றின்கரைச் செங்கல் சூளைக்குப் போனாள். மகளுக்குப் பள்ளிக்கூட வேலை கிடைத்த பிறகும் போனாள். சந்தையில் எப்போதாவது பார்த்தால், "வாங்கிக்கிட மாட்டியாட்டீ?" என்று அம்மிணி கேட்பாள். "கல்லு எங்கட்டீ இருக்கு?" என்பாள் ஞானபாய்.

அம்மிணி ஞானபாய்க்குத் தர வேண்டியது ஒரு பெட்டி சல்லி. இன்னும் தரவில்லை.